கருவாடகை எடுபட்டது, நாம்லெட் படுத்தது: ஒட்டுச்சொல் அனுபவங்கள்

வாடைக்காத்து (தொடங்கியவர்)
ரெண்டு சொல்லை நறுக்கி ஒட்டி ஒரே சொல்லாக்குறதைப் பத்தி இந்த இழை. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிங்கிலம்னு சொல்றோமே, அந்த மாதிரி. மீன்பிடித் தடைக்காலத்துல கரையில உக்காந்திருக்கும்போது நல்ல விளையாட்டு இது. ஆனா சொன்ன உடனே சிரிப்பு வரணும். "அப்படின்னா என்ன?"ன்னு ஒருத்தர் கேட்டுட்டா அதோட அந்தச் சொல் செத்துப்போச்சு. நம்ம கரையில எது எடுபட்டுச்சு, எது படுத்துச்சு, ஏன்னு எழுதுங்க. மண்டபம் பக்கம் "நாம்லெட்"னு ஒண்ணு சுத்துது. நண்டும் ஆம்லெட்டும் சேர்ந்ததாம். கேட்ட யாருக்கும் நண்டு கண்ணுல படல.

சாயல்குடி பனை
இதுக்கு விதி ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே. முதல் சொல்லோட தலை, ரெண்டாவது சொல்லோட வால். நாம்லெட்டுக்குப் பதிலா நண்டாம்லெட்னு வச்சா முடிஞ்சு போச்சு.

கரைவலை
தலையும் வாலும் சரிதான் தம்பி, ஆனா எங்க நறுக்குறதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு. நண்டாம்லெட் புரியும், சிரிப்பு வராது. அது ஒட்டே இல்ல, வெறும் புணர்ச்சி. நண்டுக்குப் பின்னால உயிரெழுத்து வந்தா கடைசி உகரம் தானா விழும். எதையும் நாம வெட்டல. தமிழ்க் காதுக்கு இது தினம் கேக்குற சங்கதி.

நாம்லெட் ஏன் படுத்துச்சுன்னா, நண்டுல மிஞ்சினது ஒரு 'ந்' மட்டும். அதை வச்சு யாரு நண்டைப் பிடிக்கிறது? வால் பக்கம் மட்டும் நல்லா வெட்டியிருக்காங்க. 'ம்லெட்'னு கேட்டா ஆம்லெட்டைத் தவிர வேற எதுவும் வராது. அதையே இன்னும் கொஞ்சம் குறைச்சு 'லெட்'னு விட்டீங்கன்னா கட்லெட், சாக்லெட், டாய்லெட் எல்லாம் வரிசையில வந்து நிக்கும். "நண்டுலெட்"னு ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில எழுதி, எது முதல்ல ஞாபகம் வருதுன்னு பாருங்க. மிச்சம் வைக்கிற துண்டைத் தனியா சொல்லிப் பார்க்கணும்; முழுச் சொல் தானா வாயில வந்தா அதுதான் வெட்டுற இடம். தமிங்கிலத்துல 'ங்கிலம்' அப்படிப்பட்ட துண்டு.

தொதல் கீழக்கரை
"மீன்சூரன்ஸ்" இங்க விளக்கமே இல்லாம ஓடுது. மீனும் இன்சூரன்ஸும். சொல்லும்போது தாளமும் மாறலைங்கறதைக் கவனிங்க: இன்-சூ-ரன்ஸ், மீன்-சூ-ரன்ஸ். மூணு தட்டு, அதே மூணு தட்டு. முதல் தட்டு மட்டும்தான் மாறுது, அங்கேயும் 'ன்' ரெண்டு சொல்லுக்கும் பொதுவா இருக்கு. இதையே "மீனின்சூரன்ஸ்"னு இழுத்தா நாலு தட்டாயி விழுந்துரும்.

ஆனா ரொம்ப ஒட்டிப்போனாலும் ஆபத்து. "மீனிமம் பேலன்ஸ்"னு எழுதினதை எல்லாரும் எழுத்துப்பிழைன்னே படிச்சாங்க. மினிமத்துக்கும் மீனிமத்துக்கும் ஒரு நெடில்தானே வித்தியாசம்!

கரைவலை
தொதல் லாத்தா சொன்ன பொது எழுத்துதான் இதுல முதுகெலும்பு. ஒரு சொல்லோட வாலும் அடுத்த சொல்லோட தலையும் ஒரே ஓசையா இருந்தா வெட்டவே வேண்டாம், ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திக்கலாம். நான் பார்த்ததுல சிறந்தது "கருவாடகை". கருவாடு, வாடகை. நடுவுல 'வாட்' ரெண்டுக்கும் சொந்தம். கருவாட்டுல கடைசி உகரம் மட்டும் போகுது, வாடகை முழுசாவே இருக்கு. 'ட' ரெண்டு இடத்துலயும் மெலிசா ஒலிக்குறதாலதான் இது ஒட்டுது. எழுத்து ஒண்ணா இருந்து ஓசை வேறயா இருந்தா தாள்ல அழகா இருக்கும், வாயில இடிக்கும்.

எது முன்னால, எது பின்னாலங்கறதும் முக்கியம். தமிழ்ல கடைசியில வர்றதுதான் பொருளோட இனம். கருவாடகைன்னா ஒரு வகை வாடகை, கருவாடு காயவைக்கிற இடத்துக்குக் குடுக்குறது. திருப்பிப் போட்டு "வாடகருவாடு"ன்னா அது ஒரு வகைக் கருவாடு ஆயிரும். வேற்றுமை உருபும் வால்லதான் ஏறும், அதனால கருவாடகைக்கு, கருவாடகையைன்னு சிக்கலில்லாம வளையும்.

முதல் தடவை சொல்லும்போது தனியா சொல்லாதீங்க. "கருவாடகை"ன்னு மொட்டையா சொன்னா பாதிப் பேர் முழிப்பாங்க. "இந்த மாசக் கருவாடகை ரெண்டு கிலோ நெத்திலி"ன்னு சொல்லுங்க. 'மாசம்' வாடகையைக் கூப்பிடுது, 'நெத்திலி' கருவாட்டைக் கூப்பிடுது. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சொல் பிடிச்சுக்கிட்டா விளக்கம் தேவையில்ல.

சாயல்குடி பனை
அப்ப "கட்டுமரியாதை"? கட்டுமரமும் மரியாதையும். 'மர்' பொதுவா இருக்கே. ஆனா ஒருத்தரும் சிரிக்கல.

கரைவலை
'கட்டு' தனியாவே ஒரு சொல். கேக்குறவங்க அங்கேயே நின்னு, கட்டு, மரியாதைன்னு ரெண்டாப் பிரிச்சுட்டுப் போயிருவாங்க. மரம் காதுக்கு எட்டவே எட்டாது. ஒட்டு தானா பிரியுற இடம் நீங்க நினைச்ச இடமாத்தான் இருக்கணும்னு இல்ல. கணவாய் பக்கோடாவுக்கு "கணக்கோடா"ன்னு வச்சாலும் இதே கதிதான்: கணக்குன்னு ஒரு சொல் குறுக்க வந்துரும். "கணவக்கோடா"ன்னா கணவாய் வரும், கூடவே கணவனும் எண்ணெய்ச் சட்டியில வந்து விழுவார். அது வேணும்னே வச்சா நல்ல சிரிப்பு. கருப்பட்டிக் காப்பியை மட்டும் "கருப்பி"ன்னு சுருக்காதீங்க. அது ஏற்கெனவே ஒருத்தரைக் குத்துற சொல், சொன்ன இடத்துல சண்டை வரும்.

தேவிபட்டினம்காரன்
எங்க ஊர்ப் பக்கம் இது எப்பவோ உண்டுங்க. ராமநாதபுரத்தை ராம்நாடுன்னு சொல்றோமே.

தொதல் கீழக்கரை
அது ஒரு பேரு வாய்க்கு வசதியா மாறினது. ரெண்டு சொல் எங்க இருக்கு அதுல?

வாடைக்காத்து
"தடைக்காலண்டர்" யாரும் கேட்டிருக்கீங்களா? ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளையும் கட்டம் போட்டு அடிச்சுக்கிட்டே வர்ற தாள். 'கால' பொதுவா இருக்கு, எல்லாருக்கும் புரியுது. சிரிப்பு மட்டும் வரல.

கரைவலை
ரெண்டு சொல்லும் ஏற்கெனவே பக்கத்துல பக்கத்துல இருக்கிற சங்கதி. தடைக்காலத்துக்கு ஒரு காலண்டர் இருந்தா என்ன வியப்பு? கருவாடும் வாடகையும் சேரவே சேராதுன்னு நினைச்சது ஒட்டிக்கிட்டதாலதான் அது சிரிப்பு.

தொதல் கீழக்கரை
நான் ஒத்துக்கமாட்டேன் கரைவலை காக்கா. விசைப்படகுக்காரங்க வீட்டுல அந்தக் காலண்டரைப் பார்த்து நல்லாவே சிரிக்கிறாங்க, கசப்பா இருந்தாலும். தடையில்லாத நாட்டுப்படகுக்காரங்க வீட்டுலதான் வரல. சொல்லை மட்டும் பார்த்தா இது தெரியாது.

பேக்கரி பலகை
என் சந்தேகம் வேற. பாம்பன்ல பன் விக்கிறோம். கடைப்பேரை ஒட்டுச்சொல்லா வைக்கணும். பாம்பன், பன். ஒட்டினா "பாம்பன்"னுதான் வருது!

கரைவலை
ஒரு சொல் இன்னொண்ணுக்குள்ள முழுசா முங்கிப்போச்சு. ஓசையும் அதேதான், ம்-க்குப் பின்னால 'ப' மெலிசாத்தானே ஒலிக்குது. ஒட்டினதே யாருக்கும் தெரியாது.

சாயல்குடி பனை
பேச்சுல பன்னுன்னுதானே சொல்றோம். "பாம்பன்னு"ன்னு வைங்க.

தொதல் கீழக்கரை
"கடை எங்க?" "பாம்பன்னு சொன்னாங்க." இதுல பன் எங்க இருக்கு?

பேக்கரி பலகை
அட ஆமா. ஆனா பலகையில பின்னால 'சொன்னாங்க' வராதே. பக்கத்துல ஒரு பன் படம் வரைஞ்சு எழுதச் சொல்லியிருக்கேன். படிச்சுட்டு உள்ள வர்றவங்க பன் கேக்குறாங்களா, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்குறாங்களான்னு ஒரு வாரம் பார்க்கிறேன்.