ஸ்பேஷியல் ஆட்டோகோரிலேஷனுக்கு எந்தச் சொல்?

வாணியம்பாடி, ஆய்வு மாணவி

வணக்கம். பாலாற்றங்கரை ஊர்களில் ஆற்றிலிருந்து நிலம் இருக்கும் தொலைவு நிலக்கடலை விளைச்சலைப் பாதிக்கிறதா என்று தமிழிலேயே ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 ஊர், ஊருக்கு 5 கட்டம், ஒவ்வொரு கட்டமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். ஸ்பேஷியல் ஆட்டோகோரிலேஷன் வரும் இடத்தில் 'இடஞ்சார் தன்னொட்டுறவு' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்தவர்கள் புரியவில்லை என்கிறார்கள். எளிய சொல் ஏதாவது உண்டா?

திருப்பத்தூர், தமிழாசிரியர்

பக்கத்துப் பக்கத்து நிலங்கள் ஒன்றுபோல் விளைகின்றன, அவ்வளவுதானே? 'அண்டை ஒப்புமை' என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

'அண்டை' எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. கணக்கிலும் முதலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்டை யார் என்று பட்டியல்தான் போடுகிறோம். 'ஒப்புமை'தான் இடிக்கிறது. நெருக்கமாக நட்ட தோப்பில் ஒரு மரம் ஓங்கி வளர்ந்தால் பக்கத்து மரம் வெளிச்சம் இல்லாமல் சிறுத்துப்போகும். அங்கே அண்டைக்கு அண்டை மாறுபாடு, அதாவது எதிர்க்குறி வரும். ஒட்டுறவு என்றால் நேர், எதிர் இரண்டும் அடங்கும். 'அண்டை ஒட்டுறவு' என்று வைக்கலாமே.

மாணவிக்கு ஒன்று: எதனுடைய ஒட்டுறவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆற்றோர நிலங்கள் எல்லாம் குறைவாக விளைந்து, அதைத் தொலைவே விளக்கிவிட்டால் சிக்கல் ஒன்றுமில்லை. மாதிரி விளக்கியது போக மிஞ்சும் எச்சங்கள் அண்டைக்கு அண்டை ஒட்டி நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

குடியாத்தம், விவசாயி

எங்கள் கொல்லையில் மல்லாட்டை ரகச் சோதனை வைத்தார்கள். பாத்திகளை நாலு தொகுதியாகப் பிரித்து, எந்த ரகம் எந்தப் பாத்தி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கிழக்கு ஓரம் களிமண், அந்தப் பக்கம் எல்லாமே நன்றாக வந்தது. அப்படியானால் அந்தச் சோதனையும் செல்லாதா?

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

செல்லும். குலுக்கிப் போட்டதால் எந்த ரகமும் களிமண் ஓரத்தில் மட்டும் குவியவில்லை. தொகுதி பிரித்தது இன்னும் பாதுகாப்பு. பக்கத்துப் பாத்திகள் ஒன்றுபோல் இருப்பது தனியாக நின்று கெடுதல் செய்வதில்லை. எச்சமும் கொத்தாக இருந்து, நாம் சோதிக்கும் காரணியும் அதே கொத்தாக இருக்கும்போதுதான் கணக்கு ஏமாற்றும். இந்த மாணவியின் தரவு அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஊரின் ஐந்து கட்டங்களுக்கும் ஆற்றுத் தொலைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ராணிப்பேட்டை, பொருளியல் விரிவுரையாளர்

அண்டைக்கு அண்டை ஒட்டுறவை அளக்கும் மொரான் எண்ணை விளைச்சலுக்கே போட்டுப் பார்த்தால் போதும், பெரிதாக வந்தால் மாதிரி தவறு என்று தெரிந்துவிடும். டி மதிப்பு கொஞ்சம் ஊதிப்போகும், உண்மைதான். பி மதிப்பின் எல்லையை 0.05-க்குப் பதில் 0.01 என்று கடுமையாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இல்லையென்றால் ஊருக்கு 20 கட்டம் எடுங்கள்.

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

ஊதிப்போகும் என்பது சரி, மற்றவை சரியில்லை. விளைச்சலின் மொரான் எண் மாதிரியைப் பற்றி எதுவும் சொல்லாது. எச்சத்துக்குத்தான் போட வேண்டும். எவ்வளவு ஊதும் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரே ஊர்க் கட்டங்களின் எச்சங்களுக்குள் ஒட்டுறவு 0.6 என்று வையுங்கள். ஊருக்கு 5 கட்டம் என்றால் சாய்வு மதிப்பீட்டின் மாறுபாடு 1 + 4 × 0.6, அதாவது 3.4 மடங்கு கூடும். 60 கட்டத்தை 3.4-ஆல் வகுத்தால் சுமார் 17.6. நீங்கள் 60 என்று எண்ணுவது 18 கட்டத்துக்கு உள்ள தகவல்தான். ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் யாருக்கு ஓட்டு என்று கேட்டுவிட்டு ஐந்து தனிக் கருத்து என்று எழுதுவதுபோல. திட்டப்பிழை 3.4-இன் வர்க்கமூலம், அதாவது 1.84 மடங்கு கூட இருந்திருக்க வேண்டும். கணினி தந்த டி மதிப்பு 2.9 என்றால் உண்மையில் 1.57தான்.

இனி ஊருக்கு 20 கட்டம் எடுங்கள். மொத்தம் 240. மாறுபாடு 1 + 19 × 0.6 = 12.4 மடங்கு. 240-ஐ அதால் வகுத்தால் 19.4. நாலு மடங்கு வெயிலில் நின்றும் இரண்டு கட்டத் தகவல்கூட முழுதாகக் கூடவில்லை. கட்டத்தை எவ்வளவு பெருக்கினாலும் 20-ஐத் தாண்டாது. ஆனால் சாதாரணப் பின்னோக்குக் கணக்கு 240-ஐயும் நம்பி, பி மதிப்பை இன்னும் சிறிதாகக் காட்டும். எல்லையை 0.01-க்கு இறக்கினாலும் அதையும் தாண்டிவிடும். கூட்ட வேண்டியது ஊர்களை.

வாணியம்பாடி, ஆய்வு மாணவி

ஐயா, எச்சத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்:

```
m1 <- lm(yield ~ dist, data = plots)
nb <- dnearneigh(xy, 0, 1000)
lw <- nb2listw(nb, style = "W")
lm.morantest(m1, lw)
```

மொரான் எண் −0.0169 என்று வந்தது. கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் என் தரவில் சிக்கல் இல்லைதானே?

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

அந்த எண்ணை நன்றாகப் பாருங்கள் அம்மா. −1-ஐ 59-ஆல் வகுத்தால் −0.0169. 60 கட்டமும் ஒன்றுக்கொன்று அண்டை என்று ஆகிவிட்டால், தரவு எதுவாக இருந்தாலும் இதே எண்தான் வரும். `xy` அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். டிகிரிக் கணக்கில் 1000 என்று சொன்னால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். நம் பகுதிக்கு EPSG:32644-க்கு மாற்றினால் தொலைவு மீட்டரில் வரும். பிறகு `summary(nb)` போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை அண்டை என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

வாணியம்பாடி, ஆய்வு மாணவி

மாற்றினேன். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக நாலு அண்டை, எல்லாம் அதே ஊர். மொரான் எண் 0.55. பி மதிப்பு மிகச் சிறியது.

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எளிய சோதனை ஒன்று செய்யுங்கள். ஊர்ச் சராசரிகளை எடுத்து, 12 புள்ளியை மட்டும் வைத்துக் கோடு போடுங்கள். சாய்வு ஏறக்குறைய அதேதான் வரும், திட்டப்பிழை மட்டும் பெரிதாகும். அதுதான் நேர்மையான திட்டப்பிழை. அப்புறம் ஊரை ஒரு சமவாய்ப்பு விளைவாகச் சேர்த்து `lme` ஓட்டினாலும் அதை ஒட்டியே வரும்.

அதோடு, எச்சம் ஏன் ஒரே ஊருக்குள் ஒட்டி நிற்கிறது என்று யோசியுங்கள். கிணற்றுப் பாசனமா ஏரிப் பாசனமா, மண் ஆழம் எவ்வளவு என்பது மாதிரியில் இல்லையே. விட்டுப்போன காரணி ஆற்றுத் தொலைவோடும் சேர்ந்து மாறுகிறது என்றால் சாய்வே தப்பாகிவிடும். அதை எந்தத் திட்டப்பிழைத் திருத்தமும் காப்பாற்றாது.

வாணியம்பாடி, ஆய்வு மாணவி

12 புள்ளியில் டி மதிப்பு 1.6, பி 0.14. முன்பு 0.005 என்று வந்திருந்தது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் பாசன வகை என்ன என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது, அதைச் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஜமுனாமரத்தூர், வனக் கணக்கெடுப்பாளர்

'எச்சம்' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் களப் படிவங்களில் எச்சம் என்றால் பறவை, விலங்கின் கழிவு. 'எச்சங்களின் அண்டை ஒட்டுறவு' என்று படித்தால் எங்கள் ஆட்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். 'மிச்சம்' என்று போடக்கூடாதா? இன்னொன்று, மலையில் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று தொலைவு வாரியாக ஒட்டுறவு எப்படித் தேய்கிறது என்று பார்க்கிறோம். ஐந்து கிலோமீட்டரில் இருப்பது அண்டையா?

திருப்பத்தூர், தமிழாசிரியர்

'ஒப்புமை'யை விட்டுவிடுகிறேன். 'மிச்சம்' தாராளமாக வைக்கலாம், நல்ல சொல். ஆனால் தொலைவு வாரியாகப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும் என்றால் மாணவி முதலில் எழுதிய 'இடஞ்சார்'தான் பொருந்தும்போலத் தெரிகிறது. புள்ளியியல் ஐயா என்ன சொல்கிறார்?

காட்பாடி, புள்ளியியல் (ஓய்வு)

'இடஞ்சார் ஒட்டுறவு' என்று 'தன்'னை மட்டும் எடுத்துவிட்டால் எனக்குச் சம்மதம். அண்டைப் பட்டியலை வைத்துச் சோதிக்கும் இடத்தில் மட்டும் 'அண்டை ஒட்டுறவு' என்பேன். 'மிச்சம்' எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பாடநூலில் எச்சம் படித்து வரும் பிள்ளைகள் குழம்புவார்கள்.