மௌனத்தை வெட்டினால் பேச்சு மூச்சுமுட்டுகிறது, என்ன செய்யலாம்?

மலர்விழி: அப்பாவின் கணக்குப் பாட வீடியோக்களை நான்தான் எடிட் செய்கிறேன். பேச்சில் மௌனமான இடைவெளிகளை auto-editor என்ற மென்பொருளால் இப்படி நீக்கினேன்:

```
auto-editor paadam.mp4 --edit audio:threshold=8% --margin 0.05sec
```

நீளம் நன்றாகக் குறைந்தது. ஆனால் "வகுத்து", "எடுத்து" எல்லாம் கடைசி எழுத்து இல்லாமல் கேட்கின்றன. நிறுத்தாமல் ஒப்பிப்பது போலவும் இருக்கிறது. அப்பா நிதானமாகப் பேசுபவர்.

சேகர்: மார்ஜினை 0.5 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

பாஸ்கரன்: சேகர் சொல்வது பாதி சரி, சொல் முழுசாக வரும். ஆனால் பேச்சின் இரண்டு பக்கமும் அரை வினாடி விட்டுவைத்தால் ஒரு வினாடிக்குக் குறைவான இடைவெளி எதுவும் வெட்டுப்படாது. வெட்டுவதற்கே பலன் இருக்காதே.

உங்களுடைய 0.05-இல் நீண்ட மௌனம் எதுவானாலும் 0.1 வினாடியாகச் சுருங்குகிறது. கமாவுக்கும் கேள்விக்கும் ஒரே இடைவெளி, அதனால்தான் ஒப்பிப்பது போல் இருக்கிறது. சொல்லின் கடைசி உகரத்தை நாம் தணிந்த ஒலியில்தான் சொல்கிறோம், 8% அதையும் மௌனம் என்று எடுத்துக்கொள்கிறது. முன்பக்கம் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் வையுங்கள்:

```
auto-editor paadam.mp4 --edit audio:threshold=4% --margin 0.15s,0.3sec --export resolve
```

இப்போது 0.45 வினாடிக்கு உட்பட்டவை அப்படியே நிற்கும், நீளமானவை 0.45 ஆகும். அப்புறம் டாவின்சி ரிசால்வ் எடிட்டரில் திறந்து, அப்பா கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும் இடங்களில் மட்டும் கிளிப்பின் ஓரத்தை இழுத்து ஒரு வினாடி வரை திருப்பிக் கொடுங்கள். மாணவர் யோசிப்பது அங்கேதான். இது கையால்தான் ஆகும், எந்த மௌனம் வேண்டும் என்று எண்ணுக்குத் தெரியாது.

மூச்சு பாதியில் வெட்டுப்பட்டால் திடுக்கென்று கேட்கும். அங்கே ஓரத்தைப் பின்னால் இழுத்து முழு மூச்சையும் கொண்டுவந்து, அதன் ஒலியை 10 டெசிபல் அளவுக்குக் குறையுங்கள். எல்லா மூச்சையும் நீக்காதீர்கள், நீளமான வாக்கியத்துக்கு முன் அது வேண்டும்.

ரஹீம்: எனக்கு எதிர்ப்பிரச்சினை. ஃபேன் ஓடும்போது பதிவு செய்தால் ஒரு இடம்கூட வெட்டுப்படுவதில்லை.

பாஸ்கரன்: ஃபேன் இரைச்சலே 4%-க்கு மேல் இருக்கும் தம்பி. 8% ஆக்கினால் சொல் முனை போகும். இரைச்சல் நீக்கிய ஆடியோவில் வெட்டிப் பாருங்கள், ஆனால் அதுவும் மெல்லிய உகரத்தைச் சாப்பிடலாம். அடுத்த முறை ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மலர்விழி: ரொம்ப நன்றி சார், "வகுத்து" முழுசாக வருகிறது. போர்டு பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொல்வது மட்டும் இன்னும் வெட்டுப்படுகிறது. 3% வைத்தால் நாற்காலிச் சத்தமெல்லாம் பேச்சாக நின்றுவிடுகிறது.

பாஸ்கரன்: அப்படியென்றால் 4%-இலேயே விடுங்கள். போர்டு வரும் இடங்களை டைம்லைனில் கையால் நீட்டுங்கள். காலர் மைக் இருந்தால் அந்த வேலையும் குறையும்.