தப்பை ஒப்புக்கொண்டு மேலாளருக்கு எழுதிய மெயிலைத் திருத்திக் கொடுத்தவர்கள் உண்டா?

பக்கத்துமேசை

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் மெயில் ஒன்றைக் காட்டி, "அக்கா, இலக்கணம் மட்டும் பாருங்க, மேடத்துக்கு அனுப்பணும்" என்றார். விஷயம் நம் எல்லாருக்கும் பழக்கமானதுதான். மாதாந்திர அறிக்கை. போன மாதக் கோப்பை நகலெடுத்து அதிலேயே புது எண்களைப் போடுவது, ஒரு அட்டவணை மட்டும் மாறாமல் தங்கிவிடுவது. அவர் எழுதியிருந்தது இப்படி:

> வணக்கம் மேடம். நேற்று அனுப்பப்பட்ட அறிக்கையில் சில எண்கள் தவறாக இருந்தது தெரியவந்துள்ளது. அவசரத்தில் சரிபார்க்காமல் அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டது. இதனால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் உங்களிடம் மனமார்ந்த மன்னிப்பை கேட்டுகொள்கிறேன். இனி இதுபோன்ற தவறுகள் ஒருபோதும் நடைபெறாது என்பதை உறுதியளிக்கிறேன். இதை நேற்று மாலையே பார்த்துவிட்டேன், எப்படி சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

ஒற்றெல்லாம் இரண்டு நிமிட வேலை. "மன்னிப்பைக்", "கேட்டுக்கொள்கிறேன்", "எப்படிச்". ஒரே வாக்கியத்தில் "தங்களுக்கு", "உங்களிடம்" என்று இரண்டும் வந்ததில் ஒன்றை மாற்றினேன். "நடைபெறாது என்பதை உறுதியளிக்கிறேன்" ஒட்டவில்லை; "என்று உறுதியளிக்கிறேன்" என்றிருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியமே வேண்டாம் என்று தோன்றியது.

சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில். சரிபார்க்காதது யார்? அறிக்கையா? வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா? அதனால் "அனுப்பப்பட்டுவிட்டது" என்பதை அடித்து "அனுப்பிவிட்டேன்" என்று போட்டேன். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அக்கா, இது இலக்கணமா, இல்ல என்னை மாட்டிவிடுறதா?"

ரெண்டும்தான் என்றேன். சிரித்தார், ஆனால் கை மவுஸைவிட்டு நகர்ந்துவிட்டது. கடைசியில் போன மெயில் இது:

> வணக்கம் மேடம். நேற்று நான் அனுப்பிய அறிக்கையின் 2ஆம் அட்டவணையில் போன மாத எண்கள் இருக்கின்றன. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சரியான அறிக்கையை இணைத்துள்ளேன். மற்ற அட்டவணைகளில் மாற்றம் இல்லை. பழையதை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் சொல்லுங்கள், அவர்களுக்கும் திருத்தியதை அனுப்பிவிடுகிறேன்.

என்னை அரிப்பது அந்த "நேற்று மாலையே பார்த்துவிட்டேன்" வரி. அவர் எழுதியதிலேயே மனிதக் குரல் கேட்டது அதில்தான். ஒரு ச் மட்டும் சேர்த்து அப்படியே விட்டிருந்தேன். "மெயில் சின்னதா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவரே அதை எடுத்துவிட்டு அனுப்பினார். நானும் தடுக்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

வல்லினம்

இருபது வருடமாக மெய்ப்புப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் முதலில் ஒரு குறுக்கீடு. எழுவாய் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அப்படியே உண்மையில்லை. "மழை பெய்யாமல் பயிர் வாடியது" நல்ல தமிழ்தானே? பெய்யாதது மழை, வாடியது பயிர். இரண்டு எழுவாயும் வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் இடறவில்லை. உங்கள் தம்பியின் வாக்கியத்தில் "சரிபார்க்காமல்" என்பதற்கு ஆளே இல்லை. கோளாறு அங்கேதான். நீங்கள் திருத்தியது சரி, சொன்ன காரணம்தான் பாதி.

"அனுப்பிவிட்டேன்" என்ற பிறகு "நான்" தேவையில்லை, -ஏன் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். வரிக்கு வரி "நான்" போட்டால் மன்னிப்பு மார்தட்டலாகிவிடும். உங்கள் திருத்தத்தில் ஒரே ஒரு "நான்" இருக்கிறது, அதுவும் எந்த அறிக்கை என்று காட்டத்தான். அந்த அளவு போதும்.

என் அனுபவம் சின்னது. ஒருவர் கொடுத்த மெயிலில் "பிழை ஏற்பட்டுவிட்டது" என்று இருந்தது. "நேர்ந்துவிட்டது" என்று மாற்றினால் இன்னும் அழகாக இருக்குமா என்று கேட்டார். இரண்டுமே வானத்திலிருந்து விழுந்த பிழைதான், எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் காட்டவில்லை.

ராத்திரிஷிப்ட்

வல்லினம் அண்ணா சொன்ன மாதிரி, இந்த செயப்பாட்டு வினையே திருட்டு வினைதான். "ஏற்பட்டது", "நேர்ந்தது", "அனுப்பப்பட்டது" எல்லாம் நழுவுறதுக்கு. மன்னிப்பு மெயில்ல எங்க பார்த்தாலும் அடிச்சுடணும்னு எங்க டீம்ல விதியே வச்சிருக்கோம்.

இன்னொண்ணு. "எண்கள் தவறாக இருந்தது"ன்னு இருக்கே, பன்மைக்கு "இருந்தன"தானே வரணும்? அதை யாருமே கவனிக்கலையா?

வல்லினம்

@ராத்திரிஷிப்ட், நான் அப்படிச் சொல்லவில்லை. "ஏற்பட்டது", "நேர்ந்தது" இரண்டும் செயப்பாட்டு வினையே அல்ல. "ஏற்படு" என்ற சொல்லிலேயே படு இருக்கிறது, அவ்வளவுதான். "அனுப்பப்பட்டது" மட்டும்தான் செயப்பாட்டு வினை, அதையும் கண்ட இடத்தில் அடிக்கக் கூடாது. "அறிக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்று தெரியவில்லை" என்று எழுதுபவர் எதையும் மறைக்கவில்லை. அனுப்பியது யார் என்று அவருக்கே தெரியாது. தெரிந்த ஆளை மறைத்தால்தான் நழுவல்.

"இருந்தது" சரியாகத்தான் இருக்கிறது. அது அங்கே முற்று அல்ல, பெயர்போல நிற்கிறது: தவறாக இருந்தது என்னும் செய்தி தெரியவந்தது. "எண்கள் தவறாக இருந்தன தெரியவந்துள்ளது" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கே மறுத்துவிடும். தம்பி அங்கே நிறுத்தி, "எண்கள் தவறாக இருந்தது." என்று முற்றுப்புள்ளி வைத்திருந்தால் உங்கள் திருத்தம் பொருந்தியிருக்கும்.

ராத்திரிஷிப்ட்

சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா "ஏற்பட்டது" நழுவல்தான். பேரு என்னவா இருந்தா என்ன?

கிளைக்கதை

எங்கள் மேலாளர் ஒருமுறை டீம் முழுவதுக்கும் மன்னிப்பு மெயில் போட்டார். அதில் "மன்னிக்கவும்" என்பது "மன்னிக்கவம்" என்று இருந்தது. அன்று முழுக்க எல்லாரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. இங்கே கேட்டது மேலாளர் எழுதுவதைப் பற்றியா, மேலாளருக்கு எழுதுவதைப் பற்றியா? எப்படியோ, பிழை பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கணக்குநோட்டு

என் கதை ஒரு வரி. தோழி ஒருத்தி எழுதிய மன்னிப்பு மெயிலை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுத்தேன், இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை, அவள் அதே பழைய கோப்பை மறுபடியும் இணைத்து அனுப்பிவிட்டாள்.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எழுத்துக்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். முதலில் இணைப்பு. பெயரை மட்டும் பார்க்காமல், திறந்து, தவறிய அட்டவணை வரைக்கும் போய்ப் பாருங்கள். பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே பெயரில் இருந்தால் மேலாளர் கணினியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், எது சரி என்று அவருக்குத் தெரியாது. பெயரிலேயே "திருத்தியது" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தலைப்பு வரி. நிறையப் பேர் "மன்னிப்பு" என்றோ "மிக அவசரம்" என்றோ போடுகிறார்கள். திறக்கும் முன்பே மேலாளருக்கு நெஞ்சு படபடக்கும், விஷயமும் தெரியாது. "மாத அறிக்கை: 2ஆம் அட்டவணையில் திருத்தம், சரியான கோப்பு இணைப்பில்" என்று இருந்தால் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரும் பழையதை யாருக்கும் அனுப்பாமல் நிறுத்திக்கொள்வார்.

மூன்றாவது, நகல் யாருக்குப் போகிறது என்பது. பழைய மெயிலுக்கே பதில் எழுதும்போது அதில் இருந்த எல்லாரும் கூடவே வந்துவிடுவார்கள். அறிக்கை அவர்களுக்கும் போயிருந்தால் திருத்தமும் போக வேண்டும், ஆனால் மன்னிப்பு மேலாளருக்குத் தனியாகப் போகலாம். இதைத் தம்பியிடம் கேட்காமல் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த "சிரமம் ஏற்பட்டிருந்தால்". இலக்கணத்தில் குற்றமே கிடையாது, மெய்ப்புப் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் எண்கள் தப்பு என்று இரண்டு வரிக்கு முன்னால்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன "ஆல்"? பக்கத்துமேசை அதை எடுத்தது நல்லது. "மனமார்ந்த" போனதும் நல்லது, அது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வருத்தம் மாதிரி இருந்தது.

தாமரைநூல்

எல்லாரும் திருத்தத்தைப் பாராட்டுகிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணம் மட்டும் பாருங்கள் என்று கேட்டவரின் ஐந்து வாக்கியத்தில் இரண்டை எடுத்துவிட்டு, அவர் எழுதாத மூன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். "மற்ற அட்டவணைகளில் மாற்றம் இல்லை" என்று அவர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா? உண்மையிலேயே சரிபார்த்தாரா? பார்க்காமல் அந்த வரி போயிருந்தால் அது அடுத்த மன்னிப்பு மெயிலுக்கு அடித்தளம்.

"அனுப்பிவிட்டேன்" என்பதும் அப்படித்தான். எண்களை இன்னொருவர் கொடுத்து, இவர் அனுப்ப மட்டும் செய்திருந்தால்? நான் திருத்தும்போது இந்த மாதிரி இடங்களில் கை வைப்பதில்லை. ஓரத்தில் "இதைச் செய்தது நீங்கள்தானா?" என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் அழுதுவிட்டாள். அவள் செய்யவே இல்லை, செய்தவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் வாக்கியத்தை அப்படி வளைத்து எழுதியிருந்தாள். நான் அதைச் செய்வினையாக மாற்றியிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள்.

பக்கத்துமேசை

@தாமரைநூல், நியாயமான கேள்வி. மற்ற அட்டவணைகளை அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், அதற்குப் பிறகுதான் அந்த வரி சேர்ந்தது. கோப்பு முழுக்க அவருடையதுதான். வாக்கியங்களை நீட்டியதும் குறைத்ததும் என் கைவரிசை என்பதை மறுக்கவில்லை.

"ஒருபோதும் நடைபெறாது" என்பதை எடுத்ததற்கு மட்டும் வாதாடுவேன். போன மாதக் கோப்பை நகலெடுக்கும் வழக்கம் அப்படியே இருக்கும்போது அந்த வாக்குறுதி யாராலும் காப்பாற்ற முடியாதது.

வல்லினம்

அந்த மாலை வரிக்கு வருகிறேன். அது இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சுருக்கம் என்பது மேலாளருக்குத் தேவையில்லாததை எடுப்பது. பழைய எண்கள் எத்தனை மணி நேரம் அவர் கையில் இருந்தன என்பது அவருக்குத் தேவைதான், அந்த நேரத்தில்தான் அவர் அதை யாருக்காவது அனுப்பியிருப்பார். "நேற்று மாலையே கவனித்தேன், உடனே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆறே சொல்லில் முடிந்திருக்கும். "எப்படிச் சொல்வது என்று தெரியாமல்" என்ற பகுதிதான் நீளம்.

ராத்திரிஷிப்ட்

அந்த "எப்படிச் சொல்வது"தான் அண்ணா உண்மையான பகுதி. நீங்க எழுதினது விசாரணைக் குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருக்கு. மேடம் பதில் போட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.

பக்கத்துமேசை

"கிடைத்தது, நன்றி" என்று மட்டும். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லப்போகிறார் என்று தம்பியிடம் நானும் கேட்கவில்லை.

கிளைக்கதை

அப்போ "மன்னிக்கவும்" சரியா, "மன்னித்துக்கொள்ளுங்கள்" சரியா? அதை யாரும் சொல்லவே இல்லையே.

வல்லினம்

இரண்டும் சரி. முதலாவது தெரியாமல் காலை மிதித்துவிட்டால் போதும், இதற்குப் போதாது.

கணக்குநோட்டு

போதும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் மேலாளருக்கு அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் படிக்க மாட்டார்.