மினிமம் ஸ்டக்: தமிழில் என்ன போடலாம்?

உப்புவெளி ரீச்சர்: உயர்தரப் பிள்ளைகளுக்கான பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை திருகோணமலை அச்சகத்துக்குப் போகவேணும். ஒரு சொல்லில் நிற்கிறேன். உள்ளே இருப்பவற்றில் மிகச் சிறியதைத் தேடாமல் உடனே சொல்லும் அடுக்கு. 'இழிவடுக்கு' சரிவருமா?

சென்னை நண்பர்: இங்கே அவமானம் என்றுதான் படிப்பார்கள். 'சிறும அடுக்கு' போதும்.

யாழ்ப்பாணத்து ஐயா: எங்கள் கணிதத்தில் உயர்வுப் புள்ளி, இழிவுப் புள்ளி என்று பிள்ளைகள் கூச்சமின்றி எழுதுகிறார்கள். இழிதல் இறங்குதல். அருவி இழிந்தால் அதற்கென்ன அவமானம்?

மூதூர்த் தம்பி: எந்தப் பேரென்றாலும் சிறியதை எடுத்துத் தரும்தானே? நான் ஒப்படைக்குக் குவியல் வைத்துச் செய்தனான்.

கொழும்பு அண்ணா: இல்லைத் தம்பி. அது குவியல் செய்வது. அடுக்கில் எடுபடுவது எப்போதும் மேலே இருப்பதுதான். சிறியதைக் காட்டும், எடுக்காது. இரண்டு பெயருமே உங்களை ஏமாற்றியிருக்கு.

சென்னை நண்பர்: ஒரு மாறியில் சிறுமத்தை வைத்துக்கொண்டால் முடிந்ததே?

கொழும்பு அண்ணா: சேர்க்கும்வரை சரி. அந்தச் சிறுமமே மேலிருந்து எடுபட்டால், அதற்கு முந்தியது எது? மாறிக்குத் தெரியாது, முழுவதையும் தேடவேணும். அதனால்தான் எண்களுக்கு `s` என்ற அடுக்கு, பக்கத்தில் சிறுமங்களுக்கென்று `m` என்று இன்னொரு அடுக்கு. ரீச்சர், கையேட்டில் நிரல் எப்படி?

உப்புவெளி ரீச்சர்: புதியது `m`-இன் மேலுள்ளதைவிடச் சிறிதென்றால், `<`, அதிலும் சேர்க்கிறோம். 5, 3, 7 போட்டுப் பார்த்தேன், சரி.

கொழும்பு அண்ணா: 5, 3, 3, 7 போடுங்கள். இரண்டாவது 3 `m`-க்குள் போகாது. அதில் 5, 3 மட்டும். மேலிருந்து 7 எடுபடட்டும். அடுத்து ஒரு 3 எடுபடும்போது `m`-இன் 3-உம் போய்விடும். உள்ளே இன்னொரு 3 இருக்க, சிறுமம் 5 என்று சொல்லும். அடுத்த 3-ஐயும் எடுத்தால் விடை தானாகச் சரியாகிவிடும், பிழைச்செய்தியும் வராது. ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் சிறுமத்தைக் கேட்டுப் பார்த்தால்தான் அகப்படும்.

```python
s = []
m = []

def push(x):
    s.append(x)
    if not m or x <= m[-1]:
        m.append(x)

def pop():
    x = s.pop()
    if x == m[-1]:
        m.pop()
    return x
```

மூதூர்த் தம்பி: 9, 8, 7 என்று இறங்கியே வந்தால் இரண்டும் ஒரே உயரமாகுமே?

கொழும்பு அண்ணா: ஆகும். நேரம் மிச்சம், இடம் செலவு.

யாழ்ப்பாணத்து ஐயா: இறங்கி வருவது என்று நீங்களே சொல்கிறீர்கள். `m`-இல் கீழிருந்து மேலே போகப் போக எண் இழிகிறது. இழிவடுக்கு!

சென்னை நண்பர்: ஐயா, சமமான 3 இழியவில்லையே.

உப்புவெளி ரீச்சர்: 'சிறுமங்காட்டி அடுக்கு' என்று போடுகிறேன். எடுக்காது, காட்டும் என்பதாவது விளங்கும். `<=` என்று திருத்தியாயிற்று.

மூதூர்த் தம்பி: நீளம், ஆனால் சரி.

யாழ்ப்பாணத்து ஐயா: பரீட்சைத்தாளில் 'இழிவு' என்று வரும்போது பிள்ளைகள் எதைக் காட்டுவார்கள்? அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.