குறுக்குக் காற்றில் பறக்கும் நேரம்: எனக்கு 69 நிமிடம், புத்தகத்தில் 75. எங்கே இடிக்கிறது?

ஓடுபாதை27
அவசரம். நாளை மறுநாள் நேவிகேஷன் பேப்பர். தூரம் 120 நாட்டிகல் மைல், வேகம் 100, காற்று 30, நேர் பக்கவாட்டில் அடிக்கிறது. போய்ச் சேர எவ்வளவு நேரம்? கம்ப்யூட்டரில் வைத்தால் கிரவுண்ட் ஸ்பீடு 104 வருகிறது, அதாவது 69 நிமிடம். புத்தகத்தின் பின்னால் 75 என்று போட்டிருக்கிறான். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், அதேதான். அச்சுப் பிழையாக இருக்குமா?

கொங்குவிமானி
எந்த வேகம் 100? இண்டிகேட்டடா, ட்ரூவா? காற்று எந்தத் திசையிலிருந்து? டிராக் எவ்வளவு? கம்ப்யூட்டர் என்று எதைச் சொல்கிறீர்கள், போனில் இருக்கும் ஆப்பா, கையால் சுற்றும் தட்டா?

பரிசல்
இரண்டுமே தப்பு ப்ரோ. பிளஸ் ஒன் பிசிக்ஸில் ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு போட்டிருப்பீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் ஓடினால் அக்கரைக்குப் போகும் நேரம் மாறாது. காற்றும் அப்படித்தான். பக்கக் காற்று தள்ளுமே தவிர வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. 120ஐ 100ஆல் வகுத்தால் 72 நிமிடம். முடிந்தது.

சாய்தளம்
30 நாட் பக்கக் காற்றிலா பறக்கிறீர்கள்? செஸ்னா 172 கையேட்டில் 15 நாட்தான் செய்து காட்டிய அளவு. இறங்கும்போது ரட்டர் போதாது. முதலில் வேறு ஓடுபாதை இருக்கிறதா என்று பாருங்கள்.

கொங்குவிமானி
@சாய்தளம் அண்ணா, அது தரையிறங்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு. இவர் கேட்பது மேலே, வழியில். 5,000 அடியில் 30 நாட் காற்று ஒன்றும் அதிசயம் இல்லை.

நேவி_சீனியர்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, மாதம் ஒருமுறை நானும் அதே பதிலைச் சொல்கிறேன். காகிதத்தில் காற்று முக்கோணம் வரையாமல் நேரே தட்டைச் சுற்றுகிறவர்களுக்கு இதுதான் கதி. எங்கள் காலத்தில் முதல் மாதம் முழுக்கப் பென்சிலும் புரோட்ராக்டரும்தான். தம்பி, வரைந்து பாருங்கள், தானே தெரியும்.

ஓடுபாதை27
சார் வரைய நேரம் இல்லை. டிராக் 090, காற்று 360/30, டிஏஎஸ் 100. தட்டு சி.ஆர்.பி-5.

மேகலை_பயிற்சி
சி.ஆர்.பி-5 என்று இப்போது சொன்னீர்களே, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். உங்கள் 104 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. காற்றுத் திசை 360ஐ மேலே வைத்து, நடுப்புள்ளியிலிருந்து 30ஐக் கீழ்நோக்கிக் குறித்திருப்பீர்கள். அப்புறம் 090ஐ மேலே கொண்டுவந்து, நடுப்புள்ளியை 100இல் நிறுத்தி, குறி எங்கே விழுகிறது என்று படித்திருப்பீர்கள். டிரிஃப்ட், அதாவது காற்று தள்ளும் கோணம், வலப்பக்கம் 17, வேகம் 104. சரிதானே?

குறியைக் கீழே போடும் முறையில் மேலே வர வேண்டியது ஹெடிங், அதாவது மூக்கு பார்க்கும் திசை. நீங்கள் வைத்தது டிராக், அதாவது தரையில் போக வேண்டிய திசை. அதனால் தட்டு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது: "மூக்கை 090இல் வைத்துக்கொண்டு காற்று தள்ளுகிற பக்கம் போனால் என்ன வேகம்?" அதற்கு 104 சரியான விடைதான். 100ஐயும் 30ஐயும் செங்கோணத்தில் சேர்த்தால் 104.4. ஆனால் அப்படிப் பறந்தால் 69 நிமிடத்தில் தரையில் 120 மைல் ஓடியிருப்பீர்கள், போக வேண்டிய ஊரோ 35 மைல் தள்ளி, கிட்டத்தட்ட நேர் வடக்கே இருக்கும்.

@பரிசல் உங்கள் 72க்கும் இதே சங்கடம். படகு அக்கரையைத் தொட்டுவிடும், உண்மை. ஆனால் எதிரே இருக்கும் படித்துறையில் அல்ல. 72 நிமிடத்தில் விமானம் 120 மைல் கிழக்கே போயிருக்கும், கூடவே 36 மைல் தெற்கேயும் போயிருக்கும். நமக்குக் கரை போதாது, படித்துறை வேண்டும்.

பரிசல்
சரி, மூக்கைத் திருப்ப வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். திருப்பினாலும் காற்று பக்கவாட்டில்தானே அடிக்கிறது? எதிர்க்காற்று எங்கே வந்தது?

மேகலை_பயிற்சி
எதிர்க்காற்று வரவில்லை. உங்கள் 100இல் ஒரு பங்கை நீங்களே செலவு செய்கிறீர்கள். டிராக் மேலேயே நிற்க வேண்டுமானால், காற்று தெற்கே தள்ளும் 30ஐ விமானம் தன் வேகத்திலிருந்து எடுத்து வடக்கே கொடுக்க வேண்டும். அதற்கு மூக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதுதான் திருத்தக் கோணம், கீழே WCA. அப்படித் திரும்பிய பிறகு கிழக்குப் பக்கம் மிஞ்சுவதுதான் உங்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேகம்.

```
sin(WCA) = 30 / 100   ->  WCA = 17.5°
HDG = 090 - 17.5      =   072.5
GS  = 100 × cos(17.5) =   95.4
T   = 120 / 95.4      =   1.258 h = 75.5 min
```

காற்று இடமிருந்து வருவதால் மூக்கு இடப்பக்கம், அதனால் கழித்தல். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தட்டில் நீங்கள் பார்த்த டிரிஃப்ட் 16.7, தேவையான திருத்தம் 17.5. இரண்டும் ஒன்றல்ல. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியதும் தரை வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் அதே காற்று இன்னும் கொஞ்சம் அதிகக் கோணத்தில் தள்ளும்.

தட்டிலேயே சரிசெய்ய: டிரிஃப்ட் வலது 17 என்று வந்ததும் தட்டைச் சுற்றி 073ஐ மேலே கொண்டுவாருங்கள். இப்போது குறியைப் படித்தால் டிரிஃப்ட் 17½, வேகம் 95க்கும் 96க்கும் நடுவே. 073உடன் 17½ஐக் கூட்டினால் 090½. அரை டிகிரியைத் தட்டில் துரத்த வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இ6பி_ரசிகன்
இதனால்தான் இ6பி தட்டு வாங்கச் சொல்கிறேன். குறியை மேல்நோக்கிப் போடு, டிராக்கை மேலே வை, குறி 100 வளைவில் விழும்வரை அட்டையை நகர்த்து, நடுப்புள்ளியில் கிரவுண்ட் ஸ்பீடைப் படி. ஒரே தடவை. இந்த ஆட்டி ஆட்டிப் பார்க்கிற வேலையே கிடையாது.

நேவி_சீனியர்
சி.ஆர்.பி-5இலும் குறியை மேலே போட்டு அதையே செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. கருவி மேல் பழி போடாதீர்கள். ஒரு முறையில் குறி போட்டு இன்னொரு முறையில் படிப்பதுதான் வியாதி. குறி கீழே என்றால் மேலே ஹெடிங், குறி மேலே என்றால் மேலே டிராக். இதைக்கூட மனதில் வைக்க முடியாதவர்கள் விமானம் ஓட்ட வருகிறார்கள்.

இ6பி_ரசிகன்
புதிதாகப் படிக்கிறவனிடம் இரண்டு முறையையும் கொடுத்தால் கலக்கத்தான் செய்வான். ஒன்றை மட்டும் கொடுங்கள் என்கிறேன். அதில் என்ன தவறு?

பாராமோட்டர்_பாலா
எனக்கும் ஒரு சந்தேகம். என் பாராமோட்டர் வேகம் 25 நாட். இதே காற்றை வைத்து மேலே இருக்கும் முதல் வரியைப் போட்டால் கால்குலேட்டர் எர்ரர் காட்டுகிறது. டிகிரி மோடில்தான் இருக்கிறது.

மேகலை_பயிற்சி
கால்குலேட்டர் சரியாகத்தான் சொல்கிறது. 30ஐ 25ஆல் வகுத்தால் 1.2, அப்படியொரு சைன் கிடையாது. மூக்கை முழுக்க வடக்கே திருப்பினாலும் நிமிடத்துக்கு நிமிடம் தெற்கே போய்க்கொண்டிருப்பீர்கள். அந்தக் காற்றில் அந்த டிராக்கே உங்களுக்கு இல்லை. தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

பாராமோட்டர்_பாலா
கிளம்பவில்லை மேடம், சும்மா கணக்குதான் 🙂

கொங்குவிமானி
இப்போது விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது, கிரவுண்ட் ஸ்பீடு திரையிலேயே தெரிகிறது. பரீட்சைக்குத் தவிர இது எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 69க்கும் 75½க்கும் ஆறரை நிமிடம்தான் வித்தியாசம். 172இல் மூன்றரை லிட்டர் பெட்ரோல்.

நேவி_சீனியர்
ஜிபிஎஸ் சொல்வது கிளம்பிய பிறகு. எரிபொருள் ஊற்றுவது கிளம்புவதற்கு முன்னால்.

மேகலை_பயிற்சி
பக்கக் காற்று என்றால் போகும்போது இழப்பதைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே திரும்பும்போதும் அதே 95.4தான். போய்வர 151 நிமிடம், காற்றே இல்லாவிட்டால் 144. இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஓடுபாதை27
073 வைத்தேன், 95½ வருகிறது. நன்றி மேடம். அடுத்த கேள்வி இதே டிராக், காற்று மட்டும் 330/30. பின்காற்று 15 என்று வருகிறது. அப்படியே 100உடன் கூட்டி 115 போடலாமா?

பரிசல்
போடலாம் ப்ரோ. 62½ நிமிடம்.

மேகலை_பயிற்சி
வேண்டாம். காற்றுக்கும் டிராக்குக்கும் நடுவே 120 டிகிரி. பக்கவாட்டில் 26, பின்னாலிருந்து 15. முதலில் அந்த 26க்கான செலவைக் கழிக்க வேண்டும், அப்புறம்தான் 15ஐக் கூட்ட வேண்டும். 26ஐ 100ஆல் வகுத்தால் கோணம் 15. அதன் கொசைனால் 100, 96.6 ஆகிறது. 15ஐச் சேர்த்தால் 111.6. நேரம் 64½ நிமிடம்.

பரிசல் சொல்கிற குறுக்குவழி எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். பக்கக் காற்று 10 நாட்தான் என்றால் கோணம் 6 டிகிரிகூட வராது, 100இல் அரை நாட்தான் போகும், 120 மைலில் இருபது வினாடி. விமானத்தில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடும்போது நானே அதை விட்டுவிடுவேன். பக்கக் காற்று நம் வேகத்தில் கால் பங்கைத் தொட்டால் விட முடியாது.

பரிசல்
அப்படியானால் சின்னக் காற்றுக்கு நான் சரி. அதுதானே நானும் சொன்னேன்.

நேவி_சீனியர்
நீங்கள் சொன்னது 30 நாட்டுக்கு.

இ6பி_ரசிகன்
முதல் கேள்விக்கு விடை 75 என்று புத்தகத்தில் இருக்கிறதே, கணக்குப்படி 75½ இல்லையா? தட்டில் 96 என்று படித்தால் சரியாக 75, 95 என்று படித்தால் 76. பேப்பரில் இரண்டும் தனித்தனி ஆப்ஷனாக வந்தால் எதைப் போடுவது?

ஓடுபாதை27
அதேதான் எனக்கும் பயம். சரி, இன்னும் மெட் பாடம் பாக்கி இருக்கிறது. பேப்பர் முடிந்து வருகிறேன்.

இ6பி_ரசிகன்
வந்து ஆப்ஷன்களைச் சொல்லுங்கள்.

சாய்தளம்
எந்த ஓடுபாதையில் இறங்கினீர்கள் என்பதையும்.