‘வரிசை ஆழம்’ சரியான சொல்லா?

கவிதா:
வணக்கம். எங்கள் அணியின் இரவுப்பணிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர்கள் ரேபிட்எம்க்யூ என்ற செய்தி மென்பொருளின் வரிசையில் வந்து விழும். ஒர்க்கர் என்ற நிரல் ஒவ்வொன்றாக எடுத்து பில் போட்டு கிடங்குக்கு அனுப்பும். எடுக்கப்படாத ஆர்டர்கள் சேர்ந்தால் பணியில் இருப்பவரின் போன் அடிக்க வேண்டும். ‘கியூ டெப்த்’ என்பதை ‘வரிசை ஆழம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த தம்பி ஒருவர், “அக்கா, கிணற்றுக்குத்தானே ஆழம்?” என்றார். வேறு சொல் உண்டா?

முருகேசன்:
‘வரிசை நீளம்’ போதும். ரேஷன் கடையில் வரிசை நீளம் என்றுதானே சொல்கிறோம்? விதியும் எளிது: நீளம் 1000-ஐத் தாண்டினால் போன் அடிக்கட்டும்.

பாத்திமா:
எங்கள் துணிக்கடையிலும் இதே தொல்லை. ‘ஆர்டர் கிடைத்தது’ என்ற குறுஞ்செய்தி வாடிக்கையாளருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகிறது. அதற்கு ‘செய்தித் தாமதம்’ என்று வைக்கலாமே?

சுந்தரம்:
பாத்திமா, கவிதா கேட்பது வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி பற்றி அல்ல. மென்பொருள்கள் தமக்குள் அனுப்பிக்கொள்வது பற்றி. ஆனால் நீங்கள் சொன்ன தாமதம் இங்கே முக்கியம்.

முருகேசன் சொன்ன ‘நீளம்’ நல்ல சொல். 1000 என்ற எல்லையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தள்ளுபடி நாளில் 1000 ஆர்டர் காத்திருந்தாலும், ஒர்க்கர்கள் நிமிடத்துக்கு 500 முடித்தால் இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். போன் வீணாக அடிக்கும். நள்ளிரவில் நிமிடத்துக்கு 3 ஆர்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மணிக்கு ஒர்க்கர் நின்றால் 1000 சேர ஐந்தரை மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குத்தான் போன் அடிக்கும்.

அதனால் நாங்கள் காத்திருக்கும் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுக்கிறோம். கிடைப்பது, கடைசியில் நிற்கும் ஆர்டர் எத்தனை நிமிடம் காத்திருக்கும் என்ற கணக்கு. அது 10-க்கு மேல் 5 நிமிடம் நீடித்தால் போன் அடிக்கும். ஒர்க்கர் நின்றுபோனால் பூச்சியத்தால் வகுக்க நேரும். கண்காணிப்பு மென்பொருளான ப்ரோமிதியஸ் அதை முடிவிலி என்றே எடுத்துக்கொள்ளும், எல்லையைத் தாண்டியதாகவே பார்க்கும். வேகத்தைக் கடைசி 5 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் மேற்சொன்ன இரவில் 1.10-க்குள் எழுப்பிவிடும். வரிசை காலியாக இருந்து எதுவும் வராத நேரத்தில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும்போது அது பேசாமல் இருந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

முருகேசன்:
சரி, 1000-ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் நீளம் பூச்சியம் என்றால் சிக்கல் இல்லை என்றாவது நம்பலாம் அல்லவா?

சுந்தரம்:
அதையும் நம்ப முடியாது. இப்படி ஒரு நாள் கண்ணெதிரே பார்த்தேன்:

```
rabbitmqctl list_queues name messages_ready messages_unacknowledged consumers
orders   0   1840   1
```

முதல் எண் பூச்சியம், வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. உண்மையில் ஒரே ஒர்க்கர் 1840 ஆர்டரையும் தன் கைக்கு இழுத்துக்கொண்டு, தரவுத்தளம் பதில் தராமல் உறைந்து நின்றது. ஒரு நேரத்தில் எத்தனை எடுக்கலாம் என்ற வரம்பை, அதாவது ப்ரீஃபெட்ச்சை, யாரும் வைக்கவில்லை. வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. கவனிக்க வேண்டியது முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. அதை ‘நீளம்’ என்றால் பொருந்தாது, கைக்குப் போனவை வரிசையில் நிற்கவில்லையே. ‘நிலுவை’ என்பேன். வழக்கு நிலுவை என்றால், நீதிபதி விசாரித்துக்கொண்டிருக்கும் வழக்கும் அதில் அடங்கும்.

கவிதா:
நிலுவை பிடித்திருக்கிறது! மேட்டூர் அணைச் செய்தியில் நீர்மட்டத்தோடு நீர்வரத்தும் நீர்திறப்பும் சேர்ந்தே வரும். அதேபோல நிலுவை, வரத்து, வெளியேற்றம் என்று மூன்றையும் ஒரே திரையில் வைக்கப்போகிறேன்.

முருகேசன்:
அப்படியென்றால் ‘வரிசை மட்டம்’ என்றே வைக்கலாமே?

பாத்திமா:
வேண்டாம் அண்ணா. ‘ஆர்டர் மட்டமா இருக்கு’ என்றால் கடையில் சரக்கு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அணை 120 அடியைத் தொட்டால் ஊரே மகிழும், இங்கே ஏறினால் கவலை. ‘தேக்கம்’ என்றால் யாருக்கும் உடனே புரியும்.

சுந்தரம்:
நிலுவை எந்நேரமும் கொஞ்சம் இருக்கும், அது தவறல்ல. வரத்தை வெளியேற்றம் எட்டிப்பிடிக்காதபோதுதான் தேக்கம். இரண்டு சொல்லுமே வேண்டும்.

கவிதா:
திரையில் ‘ஆர்டர் நிலுவை’, போனில் வரும் வரியில் ‘ஆர்டர் தேக்கம்: காத்திருப்பு 14 நிமிடம்’ என்று போடுகிறேன். அந்த வரிக்குப் பொதுப்பெயர் ‘எச்சரிக்கை’யா ‘விழிப்பூட்டல்’ஆ என்று அணியில் இன்னும் ஒத்துவரவில்லை. இரவில் தூங்குபவரை எழுப்புவதால் நான் விழிப்பூட்டல் பக்கம்.

முருகேசன்:
நான் எச்சரிக்கை பக்கமே. அப்புறம், ப்ரீஃபெட்ச்சுக்குத் தமிழில் என்ன?