கலைச்சொல் உதவி: ஷாட் மாறும் இடத்தில் வரியை உடைப்பதற்கு என்ன பெயர்? (வியாழன் மாலைக்குள்)

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். சப்டைட்டில் போடக் கற்றுத் தரும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வியாழன் மாலை வகுப்புக்குப் போக வேண்டும். மற்றதற்கெல்லாம் ஏதோ ஒரு சொல் போட்டு நகர்ந்துவிட்டேன், இரண்டில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று 'ரீடிங் ஸ்பீடு'. வாசிப்பு வேகம் என்று எழுதினேன். ஆனால் கையேடு பேசுவது வாசிப்பவரின் வேகத்தைப் பற்றி இல்லை. வரி திரையில் நிற்கும் நேரத்துக்குள் நொடிக்கு எத்தனை எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி. 'வாசிப்பு வேகம் 20' என்று பார்க்கும் மாணவர், அட, நன்றாக வாசிக்கிறார்களே என்று நினைத்துவிடுவார். உண்மையில் அது திணறல்.

இரண்டாவது, ஷாட் மாறும் இடத்தில் வாக்கியத்தை உடைத்து இரண்டு சப்டைட்டிலாக்குவதற்கு ஒரு பெயர், உடைக்காமல் ஒரே சப்டைட்டிலை அந்த இடத்தைத் தாண்டி நிற்க விடுவதற்கு இன்னொரு பெயர். 'காட்சி மாற்றம்' சரிவராது, காட்சி என்றால் சீன் ஆகிவிடும்.

வகுப்புக்கு வைத்திருக்கும் எடுத்துக்காட்டு இது. ஒருத்தி 10ஆவது நொடியில் பேசத் தொடங்கி 13இல் முடிக்கிறாள். 11.8இல் அவள் முகத்திலிருந்து கேட்பவன் முகத்துக்கு ஷாட் மாறுகிறது. மூல மொழியில் 'யாரும் எனக்குச் சொல்லவில்லை' என்பதை முதலிலும் அவன் கிளம்பிய செய்தியை ஷாட் மாறிய பிறகும் சொல்கிறாள். என் தமிழ் வரி:

```
1
00:00:10,000 --> 00:00:13,000
அவன் நேற்றே கிளம்பிவிட்டான் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
```

பாஸ்கர்:

எனக்கும் இதே தொல்லைதான். ஒரு படத்துக்கு சப்டைட்டில் இறக்கினேன், தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக எழுத்து வசனத்தை முந்துகிறது, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடுகிறது. இதற்கு 'நேரப்பிறழ்வு' என்று பெயர் வைக்கலாமே?

கதிர்:

பாஸ்கர், உங்களுடையது வேறு சங்கதி. விலகல் கூடிக்கொண்டே போனால் அது பிரேம் எண்ணிக்கைப் பிழை: 25 பிரேம் பிரதிக்குச் செய்த கோப்பை 23.976 பிரேம் படத்தோடு ஓட்டுகிறீர்கள். நேரக்குறிகள் எல்லாவற்றையும் 25/23.976 ஆல் பெருக்குங்கள், சரியாகிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால்தான் வெறுமனே நகர்த்த வேண்டும். நேரப்பிறழ்வு நல்ல சொல், இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மலர், ஷாட் மாறும் இடத்தைத் தொகுப்பு மேசையில் 'கட்' என்கிறோம். வெட்டு என்று எழுதினால் யாருக்கும் புரியும், அதோடு அதை விட்டுவிடலாம். தாண்டுவதில்தான் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள். தெரிந்தே தாண்ட விடுவது ஒன்று. பேச்சு வெட்டுக்கு அப்பாலும் தொடர்கிறது, அதனால் வரியும் நிற்கிறது, அப்படி நிற்பதென்றால் அரை நொடியாவது நிற்க வேண்டும். இன்னொன்று கவனக்குறைவு: வரி வெட்டுக்கு அப்பால் மூன்று நான்கு பிரேம் நின்று மறையும். படம் ஒருமுறை மாற, உடனே எழுத்தும் மாற, திரையின் அடியில் ஏதோ சிமிட்டியது போலிருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, எரிச்சல் மட்டும் தெரியும். அந்த வரியை வெட்டுக்கு இரண்டு பிரேம் முன்பே முடித்துவிட வேண்டும். முதலாவதை 'வெட்டுக்கடப்பு' என்றும் இரண்டாவதை 'வெட்டுமீறல்' என்றும் சொல்லலாம்.

கோவிந்தராசன்:

கடப்பு நன்று. ஆனால் வாக்கியத்தை உடைப்பதற்குப் புதுச்சொல் தேடுவானேன்? யாப்பில் வகையுளி இருக்கிறதே. பொருள் நோக்காமல் ஓசை நோக்கிச் சொல்லைப் பிளந்து சீராக்குவது வகையுளி. இங்கே ஓசைக்குப் பதில் வெட்டு, அவ்வளவுதான். நம்மிடம் உள்ள சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதுதான் முறை, அதற்கு மொழியில் எப்போதும் இடம் உண்டு.

நொடிக்கணக்குக்கும் 'எழுத்து' ஆகாது. குறிலும் நெடிலும் மெய்யும் ஒரே நிறையா? மாத்திரையால் அளக்க வேண்டும்: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. கண்ணிமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும்தான் மாத்திரை என்று தொல்காப்பியமே சொல்கிறது. நீங்கள் செகண்டுக்கு வைத்திருக்கும் 'நொடி' இந்தக் கைநொடிதான். நுண்மாத்திரை, மாத்திரைச்செறிவு என்று ஒரு குடும்பச் சொற்களையே இதிலிருந்து ஆக்கலாம். 'நொடித்தல்' என்பதற்கு அழித்தல் என்றும் பொருள் உண்டு, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ரஹீம்:

ஐயா, மாத்திரை என்று வகுப்பில் சொன்னால் பாதிப் பேருக்கு மருந்துதான் நினைவுக்கு வரும். தூய்மை பார்க்கிறோம் என்றால் அதுவும் வடசொல் வழி வந்ததாகவே பலரும் சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், மாத்திரை வாய்க்கு உரிய அளவு. இங்கே வேலை செய்வது கண். 'க்' சொல்ல அரை மாத்திரை போதும், ஆனால் திரையில் 'க' அளவுக்கு அதுவும் இடம் பிடிக்கிறது. வகையுளியும் பொருந்தவில்லை, அது சொல்லுக்குள்ளே பிளப்பது. மலர் கேட்பது வாக்கியத்தை.

சாந்தி:

மாத்திரை எல்லாம் வேண்டாம், எழுத்தை எண்ணுவது எளிது. பைத்தானில் `len()` போட்டால் போதும், மலரின் வரி வந்துவிடும்: 61. மூன்று நொடிக்கு வகுத்தால் 20.3. கையேட்டின் வரம்பு என்ன?

மலர்விழி:

வரம்பு 17. ஆனால் சாந்தி, நான் விரல் விட்டு எண்ணினேன், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 37தான் வருகிறது. 12.3.

கதிர்:

இரண்டு பேரும் சரியாகவே எண்ணியிருக்கிறீர்கள், எண்ணிய பொருள்தான் வேறு. `len("கொ")` இரண்டு என்று சொல்லும், ஏனென்றால் யூனிக்கோடில் ககரமும் ஒகரக் குறியும் தனித்தனி. 'க்' கூட இரண்டு, அகர மெய்யும் புள்ளியும். 'கிளம்பிவிட்டான்' நமக்கு எட்டு எழுத்து, கணினிக்கு பதினைந்து. ஒரே வரி ஒரு கணக்கில் தாராளமாகத் தேறுகிறது, இன்னொரு கணக்கில் தோற்கிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. கருவி 20 என்று சிவப்பில் காட்டியதும் புதியவர்கள் பயந்துபோய் வசனத்தை வெட்டிக் குறைக்கிறார்கள், நன்றாகப் படிக்க முடிந்த வரியிலிருந்து 'நேற்றே' போய்விடுகிறது. வரி நீளத்திலும் இதே கதைதான். ஒரு வரிக்கு 42 என்ற வரம்பு ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து வந்தது. மேல்வரி ஒரு கணக்கில் 20, மற்றதில் 33.

உங்கள் கருவி எதை எண்ணுகிறது என்று தெரிய, ஒரு சப்டைட்டிலில் 'கொ' மட்டும் பத்து முறை இடைவெளியில்லாமல் தட்டிப் பாருங்கள். 10 காட்டினால் எழுத்து, 20 காட்டினால் யூனிக்கோடு குறி. ஆகவே 'எழுத்து', 'குறி' இரண்டும் கையேட்டில் தனித்தனியே வேண்டும், எந்த வரம்பு எதற்கு என்றும் எழுத வேண்டும். வேகத்துக்கு நான் 'வரிவேகம்' என்பேன். வேகம் வரியுடையது, வாசகருடையது இல்லை.

சாந்தி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் `len()` வேண்டாம், 'கொ'வை ஒரே எழுத்தாகக் கொள்ளும் யூனிக்கோடின் எழுத்துக்கூட்டப் பிரிப்பில் எண்ணினால் தீர்ந்தது.

கதிர்:

பெரும்பாலும் தீர்ந்தது. 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவை அதில் இரண்டாக எண்ணப்படும். வசனத்தில் அவை அரிது, விட்டுவிடலாம்.

இப்போது உடைப்பதற்கு வருகிறேன். மலர், உங்கள் வரியை வெட்டில் உடைத்தால் முதல் 1.8 நொடிக்கு 'அவன் நேற்றே கிளம்பிவிட்டான் என்று', அடுத்த 1.2 நொடிக்கு 'யாரும் எனக்குச் சொல்லவில்லை'. எழுத்துக் கணக்கில் 11, 14, தேறிவிடும். ஆனால் பாருங்கள், அவள் வாயில் முதலில் வருவது 'யாரும் சொல்லவில்லை' என்பது. அவன் கிளம்பிய செய்தி வெட்டுக்குப் பிறகு, கேட்பவன் முகம் மாறும்போது வருகிறது. இயக்குநர் அங்கே வெட்டியதே அதற்காக. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் நீங்கள் செய்தியை 1.8 நொடி முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறீர்கள். உடைக்காமல் வெட்டுக்கடப்பாக விட்டால் இன்னும் மோசம், முழு வாக்கியமும் 10ஆவது நொடியிலேயே தெரிந்துவிடும். பேச்சில் நாம் பின்னால் போட்டுச் சொல்வோம் இல்லையா, அப்படி மாற்றுங்கள்:

```
1
00:00:10,000 --> 00:00:11,717
யாருமே எனக்குச் சொல்லவில்லை,

2
00:00:11,800 --> 00:00:13,000
அவன் நேற்றே கிளம்பிவிட்டதை.
```

இரண்டும் 17 எழுத்து. நடுவில் இரண்டு பிரேம் இடைவெளி, இரண்டாவது சரியாக வெட்டில் தொடங்குகிறது.

கோவிந்தராசன்:

இது கொண்டுகூட்டுப் பொருள்கோள்! சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்துக் கூட்டுவது. அதற்கும் பெயர் தேடாதீர்கள், இருக்கிறது. ரஹீம் சொல்வதை ஏற்கிறேன், வாக்கியத்தை உடைப்பது வகையுளி ஆகாது. ஆனால் 'கிளம்பி' ஒரு வரியிலும் 'விட்டான்' அடுத்த வரியிலும் போடுகிறார்களே, அது அசல் வகையுளி, அதற்காவது அந்தச் சொல்லை வையுங்கள்.

ரஹீம்:

அதற்கு நானும் சம்மதம். அப்புறம், எங்கே உடைக்கலாம் என்று மாணவருக்குச் சொல்ல எளிய வழி ஒன்று இலக்கணத்திலேயே இருக்கிறது. உடைத்த இடத்தில் முதல் வரி 'எனக்குச்' என்று ஒற்றோடு முடிந்தால், அந்தச் சொல் அடுத்ததோடு ஒட்டியிருக்கிறது, அங்கே உடைக்காதே என்று பொருள். ஒற்றை அழித்துவிட்டு உடைப்பதும் தப்பிப்பதுதான்.

கதிர்:

அருமை. ஆனால் ஒரு பக்கத்துக்குத்தான் அது உதவும். 'என்று' மென்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகாது, அதனால் எச்சரிக்கையே வராது. மலர் முதலில் உடைத்தால் உடைந்திருக்கக்கூடிய இடம் அதுதான்.

மலர்விழி:

இன்று அனுப்பியாக வேண்டும். வெட்டு, வெட்டுக்கடப்பு, வெட்டுமீறல், வரிவேகம், எழுத்து, குறி என்று போட்டுவிட்டேன். வரியின் நடுவே வினையைப் பிளப்பது வகையுளி. வாக்கியத்தை உடைப்பதற்கு வேறு சொல் அமையாததால் 'வெட்டுப்பிரிப்பு'. கையேட்டில் ஒரு கேள்வி மிச்சம்: வெட்டுக்கடப்பில் பார்ப்பவர் அதே வரியைத் திரும்ப முதலிலிருந்து படிப்பார் என்று எழுதியிருக்கிறது. அப்படியே விடலாமா?

கதிர்:

வேண்டாம். அது பழைய நம்பிக்கை. 2013இல் வெளிவந்த கண்ணசைவு ஆய்வு ஒன்றில் பெரும்பாலானவர்கள் அப்படித் திரும்பிப் படிக்கவில்லை. வெட்டுமீறலைத் தவிர்ப்பதற்குச் சிமிட்டல்தான் காரணம் என்று எழுதுங்கள். அப்புறம் வரம்பு 17 என்பது எழுத்துக்கா குறிக்கா என்று கையேடு எழுதியவரிடம் கேட்டீர்களா? அது தெரியாமல் வரிவேகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண் போடாதீர்கள்.

மலர்விழி:

கேட்டேன். 'கருவி காட்டுவது' என்று பதில் வந்தது. அந்த எண்ணை இப்போதைக்கு எடுத்துவிட்டேன். வகுப்பில் முதல் பாடமாக பத்துக் 'கொ' தட்டச் சொல்கிறேன்.

கோவிந்தராசன்:

'வெட்டுப்பிரிப்பு' இரண்டு சொல்லும் ஒரே வேலையைச் சொல்கின்றன. 'தொடர்முறி' பாருங்கள். நொடித்தல் பற்றிய மடல் நாளை.